மூத்தவர்கள் நிறைந்த வகுப்பில் முதல் ஒன்றரை நிமிடம்

கேள்வி: "எனக்கு 26 வயது. எக்செல் பயிற்றுநராகி இரண்டு வருடம்தான் ஆகிறது. அடுத்த வாரம் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு மூன்று நாள் பயிற்சி. 22 பேர், எல்லோருக்கும் 40 முதல் 55 வயது. என்னை எப்படி அறிமுகம் செய்துகொள்வது? வயதையும் குறைந்த அனுபவத்தையும் நானே முதலில் சொல்லிவிடலாமா, இல்லை பேசாமல் விடுவதா?"

நீங்கள் உள்ளே வந்து மடிக்கணினியை மேசையில் வைக்கும்போதே உங்கள் வயதை அந்த 22 பேரும் கணக்குப் போட்டு முடித்திருப்பார்கள். அதனால் அதை அறிவிக்கவும் வேண்டாம், மூடிவைக்கவும் வேண்டாம். உங்கள் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: இருபது வருடமாக இந்த வேலையைச் செய்பவர்கள் நான் சொல்வதை ஏன் கேட்க வேண்டும்? ஒரு நல்ல அறிமுகம் அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். பதினெட்டு வருடமாக மேற்பார்வையாளர்களுக்கும் அலுவலக ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுத்துவருகிறேன். முதல் ஏழெட்டு வருடம் வகுப்பிலேயே இளையவன் பெரும்பாலும் நான்தான். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் என் தவறு. 25 வயதில் ஒரு நிறுவனத்தின் கிடங்கு மேற்பார்வையாளர்களுக்குப் புதிய மென்பொருள் சொல்லிக்கொடுக்கப் போனேன். எழுந்து நின்று, "உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் சின்னப் பையன். உங்களுக்குச் சொல்லித்தர வரவில்லை, உங்களிடம் கற்றுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன்" என்றேன். அடக்கமாகப் பேசிவிட்டதாக நினைப்பு. ஓய்வுபெற இரண்டு வருடமே இருந்த ஒருவர் இரண்டாவது வரிசையிலிருந்து, "நல்லது தம்பி, அப்போ சொல்லித்தரப் போறது யாரு?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அன்று மதியம்வரை நான் எதைச் சொன்னாலும் மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் தலையாட்டினால்தான் குறிப்பு எடுத்தார்கள்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது என்று பிறகுதான் புரிந்தது. மூன்று நாள் வேலையை விட்டுவிட்டு வந்து உட்காருகிறவருக்கு அந்த வேலை காணாமல் போவதில்லை. நான்காம் நாள் மேசையில் குவிந்து கிடக்கும். அவரிடம் போய் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று நான் சொன்னால், அது அவர் காதில் பணிவாக விழாது. பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகத்தான் விழும்.

இதற்குப் பொருத்தமான ஒரு பழைய சோதனை உண்டு. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் தன் சகாக்களுடன் 1966-இல் வெளியிட்டது. வினாடிவினாப் போட்டியாளர் ஒருவரின் குரல் பதிவைக் கல்லூரி மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பதிவில் அவர் 92 சதவீதக் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்கிறார், இன்னொன்றில் 30 சதவீதம்தான். சில பதிவுகளின் முடிவில் அவர் தன் மேல் காப்பியைக் கொட்டிக்கொண்டு தடுமாறுவது கேட்கும். திறமையானவர் கொட்டியபோது கேட்டவர்களுக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது. சுமாரானவர் கொட்டியபோது மதிப்பு மேலும் இறங்கியது. அந்தச் சோதனை அளந்தது பிடித்தலை மட்டும்தான், யார் எவ்வளவு கற்றுக்கொண்டார்கள் என்பதை அல்ல. அதனால் அதை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. ஆனாலும் வகுப்பில் நான் பார்த்தது அதனோடு ஒத்துப்போகிறது. "இதில் எனக்கும் குழப்பம் வரும்" என்று மாலை நான்கு மணிக்குச் சொன்னால் வகுப்பு உங்களோடு நெருங்கும். அதே வார்த்தையைக் காலை ஒன்பதரைக்கு, எதையும் செய்துகாட்டுவதற்கு முன்னால் சொன்னால், அதுதான் உங்களைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த முதல் செய்தியாகிவிடும்.

நேர் எதிரான தவறும் இருக்கிறது. பயந்துபோய் சான்றிதழ்களையும் பயிற்சி கொடுத்த நிறுவனங்களின் சின்னங்களையும் ஒரு ஸ்லைடில் அடுக்குவது. இரண்டு வருடம், ஏழு நிறுவனம், அறுநூறு பேர் என்று எண்களைச் சொன்னால் எதிரில் இருப்பவர் அதைத் தன் எண்ணோடு ஒப்பிடுவார். அவர் எண் 22 வருடம். அந்த ஒப்பீட்டில் நீங்கள் ஜெயிக்க முடியாது, எதற்கு அதைத் தொடங்கி வைக்கிறீர்கள்?

தகுதியைச் சொல்லத்தான் வேண்டும் என்றால் அதை ஒருங்கிணைப்பாளர் சொல்லட்டும். ஆனால் அவர் வாயில் வருவதற்கு விட்டுவிடாதீர்கள். விட்டால், "இவர் வயதில் சின்னவர், ஆனாலும் ரொம்பத் திறமைசாலி" என்று நல்ல மனதோடுதான் சொல்வார். அந்த "ஆனாலும்" செய்யும் சேதத்தை அரை நாள் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டிவரும். முந்தின நாளே நான்கு வரியில், பெரிய எழுத்தில் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். பெயர், என்ன சொல்லித்தரப் போகிறார், அதில் என்ன வேலை செய்திருக்கிறார், எத்தனை மணிவரை வகுப்பு. இவ்வளவு போதும். "வயதைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம்" என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இனி முக்கியமான பகுதி. அது வகுப்புக்கு நான்கைந்து நாள் முன்பே தொலைபேசியில் நடக்கிறது. ஒருங்கிணைப்பாளரிடம் பெயர்ப் பட்டியலை வாங்குங்கள். பெயரோடு பதவியும் என்ன வேலை பார்க்கிறார் என்பதும் இருக்க வேண்டும். அதிலிருந்து இரண்டு பேரை அழைத்துப் பேசுங்கள். ஒருவர் தினமும் தாளில் கைவைப்பவர், இன்னொருவர் அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவர். "பயிற்சியிலிருந்து என்ன எதிர்பார்க்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எல்லாம் கத்துக்கணும்" என்று ஒரு பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "மாதக் கடைசியில் உங்களை வீட்டுக்குப் போகவிடாமல் உட்காரவைப்பது எந்தத் தாள்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் உடனே பதில் வரும், கொஞ்சம் கோபத்தோடு வரும். பெயர்களையும் தொகைகளையும் மாற்றிவிட்டு அந்தக் கோப்பின் மாதிரியை அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். அதை வகுப்பில் காட்டலாமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

உங்கள் வகுப்பையே எடுத்துக்கொள்வோம். வங்கி அனுப்பும் பட்டியலையும் தங்கள் பேரேட்டையும் ஒப்பிடுவதுதான் தலைவலி என்று சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதிரிக் கோப்பில் 412 வரிகள். காசோலை எண்ணை வைத்து `VLOOKUP` போட்டால் 37 வரிகளில் `#N/A` வருகிறது. நீங்கள் முந்தின இரவு உட்கார்ந்து பார்க்கிறீர்கள். அந்த 37-இல் 29 வரிகளில் தவறே இல்லை. ஒரு தாளில் காசோலை எண் எண்ணாக இருக்கிறது, இன்னொன்றில் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, எக்செல்லுக்கு வேறு வேறு. (நீங்களாக வடிவமைப்பை மாற்றாதவரை எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக இருப்பது இடப்பக்கம் ஒட்டி நிற்கும். உங்களுக்குத் தெரிந்ததுதான். வகுப்பில் பலரை "அட" சொல்லவைப்பது இந்த மாதிரிச் சின்ன விஷயம் என்பதால் சொல்கிறேன்.) மீதி 8 வரிகள் உண்மையிலேயே பொருந்தாதவை.

இப்போது உங்கள் அறிமுகம் ஏறக்குறைய தானாகவே எழுதப்பட்டுவிட்டது. இப்படி இருக்கலாம்:

"வணக்கம். என் பெயர் இது. கணக்குத் தாள்களை எக்செல்லில் சரிபார்ப்பதைச் சொல்லித்தருவது என் வேலை. போன வாரம் உங்களில் இரண்டு பேரிடம் பேசினேன். வங்கிப் பட்டியலையும் பேரேட்டையும் ஒப்பிடும்போது எக்செல் சொல்வதை நம்ப முடியவில்லை, கடைசியில் அச்சடித்து, அளவுகோல் வைத்து வரிவரியாக டிக் போடுகிறோம் என்றார்கள். அனுமதி வாங்கி ஒரு மாதிரிக் கோப்பைப் பார்த்தேன். 412 வரியில் 37 பொருந்தவில்லை. அதில் 29 வரி கணக்குப் பிழையே இல்லை, எக்செல் எண்ணை எழுத்தாக எடுத்துக்கொண்டது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதை மதியத்துக்குள் உங்கள் கையாலேயே செய்துவிடுவீர்கள், அது என் பொறுப்பு. மீதி 8 வரியில் எதை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம், எதற்காக வங்கியை அழைக்க வேண்டும் என்பதை எக்செல் சொல்லாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், அந்த நேரத்தில் நான் கேட்டுக்கொள்வேன்."

அவ்வளவுதான். நிதானமாகப் பேசினாலும் ஒன்றரை நிமிடத்துக்குள் முடியும். இதில் வயது இல்லை, மன்னிப்பு இல்லை, சான்றிதழும் இல்லை. ஆனால் அவர்கள் வேலையை நீங்கள் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. அதைவிட, 29-க்கும் 8-க்கும் நடுவில் ஒரு கோடு விழுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நீங்கள் பொறுப்பு, அந்தப் பக்கம் அவர்கள். நான் 25 வயதில் சொல்ல நினைத்ததும் இதைத்தான், "உங்கள் அனுபவத்துக்கு மதிப்புக் கொடுக்கிறேன்" என்பது. பாராட்டாகச் சொன்னதால் அது எடுபடவில்லை. அனுபவம் எந்த இடத்தில் தேவைப்படும் என்று காட்டினால் எடுபடும். பெரியவர்களின் கல்வி பற்றி எழுதிய மால்கம் நோல்ஸ், பெரியவர்கள் தங்கள் அனுபவத்தைக் கொண்டே தங்களை அடையாளம் காண்கிறார்கள், அதை ஒதுக்கினால் தங்களையே ஒதுக்கியதாக எடுத்துக்கொள்வார்கள் என்றார். அவருடைய மற்றக் கருத்துகள் எல்லோருக்கும் பொருந்துமா என்று கல்வித் துறையில் நிறைய வாக்குவாதம் உண்டு. இந்த ஒன்றை மட்டும் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. கோப்பு யாருடையது என்று எக்காரணம் கொண்டும் சொல்லாதீர்கள். அதே அறையில் அவருடைய மேலதிகாரியும் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவரும் இருப்பார்கள். "37 வரி பொருந்தவில்லை" என்பது உங்களுக்கு ஒரு உதாரணம், அவருக்கு மானப் பிரச்சினை. ஒருமுறை நான் பெயரைச் சொல்லிவிட்டேன், நன்றி சொல்வதாக நினைத்து. அவர் அதற்குப் பிறகு மூன்று நாளும் வாய் திறக்கவில்லை.

அடுத்து அவர்கள் அறிமுகம். "ஒவ்வொருவராக உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று விட்டால் 22 பேர், ஆளுக்கு ஒரு நிமிடம், 22 நிமிடம் என்று காகிதத்தில் கணக்கு வரும். நடப்பில் நாற்பது நிமிடம் போகும். ஒவ்வொருவரும் சேர்ந்த வருடத்திலிருந்து தொடங்குவார். இருபது வருடம், இருபத்தாறு வருடம், முப்பது வருடம் என்று ஏணி ஏறிக்கொண்டே போய், கடைசிப் படியில் நீங்கள் தனியாக நிற்பீர்கள். பணி வருடத்தைக் கேட்கவே கேட்காதீர்கள். பெயரையும், அதிக நேரம் எடுக்கும் ஒரு தாளையும் மட்டும் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே பலகையில் எழுதுங்கள், உங்கள் பாடத்திட்டத்தின் வார்த்தைக்கு மாற்றாதீர்கள். பதவியில் உயர்ந்தவரிடமிருந்து தொடங்க வேண்டாம், மற்ற எல்லோரும் அவர் சொன்னதையே வேறு மாதிரி சொல்வார்கள். தொலைபேசியில் பேசியவர்களில் ஒருவரிடமிருந்து தொடங்கினால் சகஜமாகப் போகும்.

எல்லோரையும் சார், மேடம் என்றே அழையுங்கள், மேலதிகாரிக்கு மட்டும் சார் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அண்ணா, அக்கா, ஐயா என்று நீங்களாகத் தொடங்க வேண்டாம், அந்த உறவுகளில் இளையவரின் வேலை பெரும்பாலும் கேட்டுக்கொள்வதுதான். அவர்கள் உங்களைத் தம்பி, பாப்பா என்று அழைத்தால் திருத்தப் போகாதீர்கள். மதியத்துக்குள் பாதிப் பேர் தானாகவே மாற்றிக்கொள்வார்கள். மீதிப் பேர் அன்பாகச் சொல்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்தக் கேள்வியும் வரும். "உங்களுக்கு என்ன வயசு? எத்தனை வருஷ அனுபவம்?" இதற்கு ஒரே வாக்கியம்தான்: "26. பயிற்சியில் இரண்டு வருடம்." சொல்லிவிட்டு நிறுத்துங்கள். "ஆனால்" என்று தொடராதீர்கள், சிரித்து மழுப்பாதீர்கள். ஒரு நொடி அமைதி இருக்கும், அதைத் தாங்கிக்கொண்டு கோப்பைத் திறங்கள். பெண் பயிற்றுநர்களிடம் இந்தக் கேள்வி வயதோடு நிற்காமல் வீட்டு விவரம்வரை நீள்வதைப் பார்த்திருக்கிறேன். அப்போது வயதைச் சொல்ல வேண்டிய கடமைகூட இல்லை, "பயிற்சியில் இரண்டு வருடம்" என்பதோடு முடித்துக்கொள்ளலாம்.

இன்னொரு வகையான சோதனை, பாடத்தைப் பற்றியே வரும் கடினமான கேள்வி. பதில் தெரியாவிட்டால், "இப்போது தெரியவில்லை, மதியத்துக்குள் பார்த்துச் சொல்கிறேன்" என்று பலகையின் ஓரத்தில் கேள்வியையும் கேட்டவர் பெயரையும் எழுதுங்கள். மதியம் மறக்காமல் அந்த இடத்துக்குத் திரும்பி வாருங்கள். மறந்தால் காலையில் சேர்த்ததெல்லாம் போய்விடும்.

"மனிதர்கள் 55 சதவீதம் உடல்மொழியையும் 38 சதவீதம் குரலையும் 7 சதவீதம்தான் வார்த்தையையும் கவனிக்கிறார்கள், அதனால் வார்த்தை முக்கியமில்லை" என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். பயிற்றுநர்களுக்கான பயிற்சிகளில் இது சலிக்காமல் சொல்லப்படுகிறது. அந்த எண்கள் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்தவை. ஒருவர் சொல்லும் வார்த்தையும் அவர் முகமும் குரலும் முரண்படும்போது, அவருடைய விருப்பு வெறுப்பை மற்றவர் எதை வைத்து முடிவு செய்கிறார் என்பதைப் பற்றியவை. 412 வரிக் கோப்பை விளக்குவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

முதல் எண்ணம் வேகமாக உருவாகும் என்பது மட்டும் உண்மை. நளினி அம்பாடியும் ராபர்ட் ரோசென்தாலும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் பாடம் நடத்தும் ஒலியில்லாத வீடியோவை அரை நிமிடம் பார்த்து அறிமுகமில்லாதவர்கள் போட்ட மதிப்பெண், பருவ முடிவில் மாணவர்கள் போட்ட மதிப்பெண்ணோடு நன்றாகவே ஒத்துப்போனது. மாணவர்கள் என்ன கற்றார்கள் என்பதை அது காட்டவில்லை, முதல் எண்ணம் மாறாது என்றும் சொல்லவில்லை. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான். முதல் இரண்டு வாக்கியத்தை வீட்டில் பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், காகிதத்தைப் பார்க்காமல், நின்றுகொண்டு. மீதியை மனப்பாடம் செய்யாதீர்கள், ஒப்பிப்பது தெரிந்துவிடும்.

அறிமுகம் எடுபட்டதா என்று எப்படித் தெரியும்? கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், குளிர்சாதன அறையில் எல்லோரும் கையைக் கட்டிக்கொள்வார்கள். கேள்விகளின் உருவத்தைப் பாருங்கள். "இது புது வெர்ஷன்லயும் வருமா?", "இதுக்கு வேற வழி இருக்கே?" என்று வந்தால் இன்னும் உங்களை எடைபோடுகிறார்கள். "எங்க தாள்ல தேதி இப்படி வருதே, அதுக்கு என்ன பண்றது?" என்று வரத் தொடங்கினால் எடைபோடுவது முடிந்துவிட்டது. பதினொரு மணிக்குள் இரண்டாவது வகைக் கேள்வி ஒன்றுகூட வராவிட்டால் மேற்கொண்டு பேசிப் பயனில்லை. உடனே அவர்கள் கோப்பைத் திறந்து கையால் செய்யவிடுங்கள்.

இதற்கு வசப்படாத வகுப்புகளும் உண்டு. விருப்பமில்லாமல் அனுப்பப்பட்டவர்கள், இந்தப் பயிற்சிக்குப் பிறகு ஆள்குறைப்பு வரும் என்று பயப்படுபவர்கள், ஏற்கெனவே இதையெல்லாம் தெரிந்தவர்கள். அங்கே பிரச்சினை உங்கள் வயது இல்லை, எந்த அறிமுகமும் அதைத் தீர்க்காது. இடைவேளையில் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். தெரிந்தவர்களை மட்டும் பக்கத்தில் உள்ளவருக்கு உதவ உட்காரவைக்கலாம்.

கோப்பு தரமாட்டோம், யாருடைய தொலைபேசி எண்ணும் தரமாட்டோம் என்று சொல்லும் நிறுவனங்களும் இருக்கின்றன. அப்படியானால் எண்கள் இல்லாத வெற்றுப் படிவத்தையாவது கேளுங்கள், தலைப்புகளைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அதுவும் கிடைக்காவிட்டால் வகுப்புக்கு நாற்பது நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள். யாராவது ஒருவர் எப்படியும் சீக்கிரம் வந்திருப்பார். அந்த மாதக் கடைசிக் கேள்வியை அவரிடம் கேட்டு, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே குறித்துக்கொண்டு, அறிமுகத்தின் இரண்டாவது வாக்கியத்தில் பெயர் சொல்லாமல் வையுங்கள்.